கையில் ஆஃபர், எதிரே மேனேஜர்

சென்னை ஐ.டி. கம்பெனிகளில் பேப்பர் போட்ட பிறகுதான் பலருக்கு மேனேஜரின் முழுக் கவனமும் கிடைக்கிறது. ஆனால் அதற்குள் ராஜினாமா போர்ட்டலில் ஏறி, 90 நாள் நோட்டீஸும் ஓட ஆரம்பித்திருக்கும். அப்போது நடப்பது வெறும் பேரம். இங்கே எனக்கு வளர்ச்சி உண்டா என்று கேட்பதென்றால், ஆஃபர் லெட்டர் வந்த பின், அதற்குச் சம்மதம் சொல்லும் முன் கேட்டுவிட வேண்டும்.

ஒரு டெஸ்டிங் இன்ஜினீயரை எடுத்துக்கொள்வோம். ஆறு வருஷ சர்வீஸ், ஆண்டுச் சம்பளம் 12 லட்சம். வெளியே 17 லட்சம் தருகிறார்கள். லெட்டரைப் பிரித்துப் படித்தால் அதில் 2 லட்சம் வேரியபிள். 1 லட்சம் ஜாயினிங் போனஸ், அதுவும் ஒரு வருஷத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டியது. நிச்சயமானது 14 லட்சம்தான். இப்போதைய 12-இல் 1 லட்சம் வேரியபிள் என்றால், உண்மையான வித்தியாசம் 5 லட்சம் இல்லை, 3. இந்தக் கணக்கைப் போட்டதும் அவருக்கே ஒன்று புரிகிறது: மனசை இழுப்பது பணத்தைவிட அங்கே கிடைக்கப்போகும் ஆட்டோமேஷன் லீட் பொறுப்பு.

மேனேஜரிடம் அவர் இப்படிப் பேசலாம்: "எனக்கு வெளியில ஒரு ஆஃபர் வந்திருக்கு. இன்னும் ஓகே சொல்லல, வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. சம்பளத்தை மேட்ச் பண்ணுங்கன்னு கேக்க வரல. லீட் ரோல் எனக்கு இங்க கிடைக்குமா, எப்போ, அதை யார் முடிவு பண்றாங்க? உள்ளதைச் சொல்லுங்க."

எந்தக் கம்பெனி என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. லெட்டரைக் காட்டவும் வேண்டாம். ஆனால் இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லக் கூடாது. "சரி, ஆல் தி பெஸ்ட்" என்று அவர் கைகொடுத்துவிட்டால் திரும்பி வர வழியில்லை.

பதவி உயர்வை மேனேஜர் மட்டும் தீர்மானிப்பது அபூர்வம். காலியிடம், பட்ஜெட், மேலதிகாரியின் ஒப்புதல் எல்லாம் சேர வேண்டும். அதனால் "அடுத்த அப்ரைசல்ல பாத்துக்கலாம்" என்று அவர் சொன்னால், "போன தடவை என் பேரை அனுப்பினீங்களா? எங்க நின்னுச்சு?" என்று கேட்கலாம். "ஒரு இடம்தான் இருக்கு, ரெண்டு பேர் போட்டி. உங்களுக்கு க்ளையன்ட் முன்னாடி பேசின அனுபவம் கம்மி" என்ற பதில் கசக்கும், ஆனாலும் என் கணக்கில் அதுதான் நல்ல பதில். பேசியதை அன்றே இரண்டு வரி மெயிலாக அனுப்பிவைக்கலாம். அதற்குத் தேதி போட்டு பதில் எழுதுகிறாரா, பதிலே வரவில்லையா என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வேலை அதேதான், சம்பளம் மட்டும் கூடுகிறது என்றால் அதைத் தனியாக எடைபோட வேண்டும். தங்கவைக்கத் தரும் போனஸுக்கும் பெரும்பாலும் ஒரு வருஷக் கட்டு இருக்கும்.

எல்லா மேனேஜரிடமும் இது செல்லாது. இதற்கு முன் ஆஃபர் என்று வாயைத் திறந்தவரை முக்கியமான ப்ராஜெக்டிலிருந்து தூக்கியவர் என்றால், அவரிடம் ஆஃபர் பேச்சே எடுக்காமல் வளர்ச்சியைப் பற்றி மட்டும் கேட்கலாம்.