ஆபீஸில் திடீரென்று தொண்டை அடைக்கும்போது

துக்கம் வீட்டில் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிடலாம். ஆபீஸில் வந்தால்தான் சங்கடம். கண் கலங்கியதை ஒருவர் பார்த்துவிட்டால் "என்னாச்சு?" என்று நாலு பேர் கூடிவிடுவார்கள். அவர்கள் அக்கறையாகக் கேட்ட மாத்திரத்தில் அதுவரை இழுத்துப் பிடித்திருந்ததெல்லாம் உடைந்துவிடும். அதற்குப் பயந்தே பலர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி அடக்குவதால் லாபம் குறைவு. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்குச் சோகமான படக்காட்சியைப் போட்டுக் காட்டி, முகத்தில் எதையும் காட்டாமல் பார்க்கச் சொன்னார்கள். முகம் அடங்கியது, சோகம் குறையவில்லை. உடலின் பரபரப்பு மட்டும் கூடியிருந்தது. உணர்ச்சியை முகத்தில் மறைப்பவர்களுக்கு அந்த நேரத்தில் கண்டது கேட்டது சரியாக நினைவில் தங்குவதில்லை என்று கிராஸின் பிற்கால ஆய்வுகள் காட்டின. கல்லுப் போல உட்கார்ந்து வேலை பார்த்த மதியத்தில்தான் கணக்கில் தப்பு விழுகிறது என்றால் அதில் ஆச்சரியமில்லை.

அடக்கவும் வேண்டாம், அங்கேயே அழுது தீர்க்கவும் வேண்டாம் என்றால் நடுவில் ஒரு வழி இருக்கிறது. மனநல ஆலோசகர்கள் இதை 'கிரவுண்டிங்' என்பார்கள். மனசு நினைவுக்குள் இழுத்துக்கொண்டு போகும்போது, கவனத்தைக் கண்ணெதிரே இருக்கும் பொருளுக்கும் காலடியில் இருக்கும் தரைக்கும் திருப்பிக் கொண்டுவருவதுதான் இதன் சாரம். அமெரிக்க உளவியலாளர் லிசா நஜாவிட்ஸ் 2002-ல் எழுதிய சிகிச்சைக் கையேட்டில் இது ஒரு முக்கியமான பாடம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட மனஅழுத்தக் கையேட்டில் முதலில் சொல்லித்தரும் பயிற்சியும் இதுவே.

ஆனால் பரவலாகச் சொல்லப்படும் முறையை, அதாவது பார்ப்பது ஐந்து, தொடுவது நான்கு, கேட்பது மூன்று, முகர்வது இரண்டு, சுவைப்பது ஒன்று என்று எண்ணும் முறையை, சோகத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பதற்றம் வந்தவருக்கு எந்த வாசனையும் உதவும். அம்மாவை இழந்தவருக்கோ பக்கத்து சீட்டுக்காரர் தலையில் வைத்திருக்கும் மல்லிகையே போதும், எல்லாம் திரும்பிவிடும். சோகத்தின்போது எதைப் பார்ப்பது, எதைத் தொடுவது என்பதில் கொஞ்சம் தேர்வு வேண்டும்.

ஒரு மதியம், ஐந்து நிமிடம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். அங்கே கணக்குப் பிரிவில் இருக்கும் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் அம்மா இறந்து மூன்று மாதம் ஆகிறது. பில்லைப் பற்றிக் கேட்கப் போன் செய்த நூல் வியாபாரி, வயதானவர், பேச்சை முடிக்கும்போது சாதாரணமாக, "சாப்டாச்சா கண்ணு?" என்று கேட்டுவிட்டார். தினமும் மதியம் அம்மா போனில் கேட்டது இதே கேள்வி, இதே 'கண்ணு'. போனை வைக்கும்போதே தொண்டை அடைத்துவிட்டது. மூக்கு சுரக்கிறது. திரையில் இருக்கும் எண்கள் கலங்குகின்றன.

முதலில் அவர் செய்ய வேண்டியது, வந்தது என்ன என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வது. "இது அம்மா நினைப்பு. எட்டு." எட்டு என்பது, பத்துக்கு எவ்வளவு என்று போடும் மார்க். நீட்டிப் பேசினால் நினைவு வளரும். இந்த இரண்டு வாக்கியத்தோடு நிறுத்த வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேத்யூ லீபர்மன் குழு 2007-ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், உணர்ச்சி தெரியும் முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, மூளையில் அபாயமணி அடிக்கும் அமிக்டலா பகுதியின் துடிப்பு குறைந்தது. பெயர் சொல்வது சின்ன வேலைதான், ஆனால் வீண் வேலை இல்லை.

அடுத்தது தொண்டை. அழுகை வரும்போது காற்று தாராளமாகப் போய்வர குரல்வளை திறந்தே இருக்கப் பார்க்கும். எச்சில் விழுங்க அது மூட வேண்டும். இந்த இழுபறியைத்தான் தொண்டையில் கட்டி அடைத்ததாக உணர்கிறோம் என்று விளக்குவார்கள். தண்ணீர் பாட்டிலை எடுத்துச் சின்னச் சின்ன மடக்காக நாலைந்து தடவை விழுங்கினால் இறுக்கம் கொஞ்சம் தளரும். பார்ப்பவர்களுக்குத் தண்ணீர் குடிப்பதாக மட்டுமே தெரியும்.

அதன்பின் மூச்சு. இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். 'நல்லா மூச்சை இழுத்து விடு' என்ற அறிவுரையைக் கேட்டு நெஞ்சு நிறைய வேகமாக இழுத்தால், அது பாதியிலேயே விம்மலாக உடையும். திரும்பத் திரும்ப அப்படி இழுத்தால் தலை சுற்றும். இழுப்பது சாதாரணமாக இருக்கட்டும். விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். மூக்கால் மூன்று எண்ணும் வரை உள்ளே, லேசாகத் திறந்த உதட்டால் ஆறு எண்ணும் வரை வெளியே. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்று நிதானப்படும். அந்த நேரத்தை நீட்டிக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஆறு முறை செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது.

இப்போது கால். செருப்புக்குள் குதிகால் இரண்டையும் தரையில் நன்றாக அழுத்தி, ஐந்து எண்ணி, தளர்த்த வேண்டும். மூன்று முறை போதும். கூடவே ஒரு கையால் மேசையின் இரும்பு விளிம்பைப் பிடித்துக்கொள்ளலாம். ஏசி ஓடும் ஆபீஸில் அது சில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சி விரலில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கவனிப்பதே வேலை.

பிறகு கண். கண்ணை மூடவே கூடாது. மூடினால் அம்மா முகம்தான் வரும். நல்லது கெட்டது எந்த நினைவும் ஒட்டாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குடும்பப் போட்டோ ஆகாது, செல்போன் ஆகவே ஆகாது. இவர் மேசையில் இருக்கும் கால்குலேட்டரை எடுத்துக்கொள்வோம். அதை முன்பின் பார்த்திராத ஒருவருக்குச் சொல்வது போல மனசுக்குள் சொல்ல வேண்டும்: சாம்பல் நிறம், பன்னிரண்டு இலக்கம், கூட்டல் பொத்தானில் குறி பாதி அழிந்திருக்கிறது, வலது மூலையில் பசை ஒட்டிய தழும்பு, பின்பக்க மூடி செலோடேப்பில் நிற்கிறது. அழகு, அசிங்கம், பழசு, பாவம் என்ற எடைபோடல் எதுவும் வேண்டாம். இருப்பதை மட்டும் சொன்னால் போதும்.

மனசு இன்னும் நழுவினால் அதற்குக் கொஞ்சம் கடினமான வேலை தர வேண்டும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது வழக்கம். கணக்குப் பிரிவுக்காரருக்கு அது தூக்கத்திலும் வரும் என்பதால் பலிக்காது. தினமும் போகும் பஸ்ஸின் நிறுத்தங்களைத் தலைகீழாகச் சொல்லிப் பார்க்கலாம்: அவிநாசி, திருமுருகன்பூண்டி, அம்மாபாளையம், அனுப்பர்பாளையம், காந்தி நகர். பழகிய வரிசையைத் திருப்பிச் சொல்ல மூளை நிஜமாகவே உழைக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, கைக்கு ஒரு சின்ன வேலை. உடனே ஜிஎஸ்டி தாக்கலில் உட்கார்ந்தால் எண் பிசகும், பிசகினால் கோபமும் சேரும். பத்து வவுச்சரைத் தேதி வரிசையில் அடுக்கிப் பஞ்ச் செய்வது போன்ற வேலை சரி. அது முடிந்ததும் மறுபடி மார்க் போட வேண்டும். எட்டு என்பது ஐந்தாகியிருந்தால் வேலை செய்துவிட்டது என்று பொருள். பூஜ்யத்தை எதிர்பார்த்தால் ஒவ்வொரு முறையும் தோற்றதாகவே தோன்றும். சோகத்தைத் துடைத்தெடுக்க இந்த முறையால் முடியாது. மதியத்தைக் கடத்த முடியும்.

நடுவில் யாராவது வந்தால்

அதற்கு ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். "அஞ்சு நிமிஷம் குடுங்கண்ணா, நானே சீட்டுக்கு வந்து சொல்றேன்." காரணம் சொல்ல ஆரம்பித்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். 'எனக்கு மட்டும் ஏன் இப்படி, மூணு மாசம் ஆச்சே' என்று தன்னோடு வாதாடுவதும் ஆகாது. அந்த வாதமே நினைவுக்குள் திரும்பப் போகும் வழி. இரண்டாவது மார்க் முதல் மார்க்கைவிடக் கூடியிருந்தால் மேசையில் உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. எழுந்து மாடிப்படி ஏறி இறங்கலாம், முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்துக்கொள்ளலாம், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி அரை நாள் லீவு கேட்கலாம்.

சாயங்காலம் மிச்சமிருக்கிறது

இப்படித் திருப்பிவிடுவது அம்மாவுக்குச் செய்யும் துரோகமோ என்று சிலருக்கு உறுத்தும். நெதர்லாந்தில் துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹென்க் ஷுட்டும் 1999-ல் முன்வைத்த கருத்து இங்கே உதவும். இழந்தவர்கள் இழப்புக்குள் போவதும், அன்றாட வாழ்க்கைக்குத் திரும்புவதுமாக மாறி மாறிச் சென்று வருகிறார்கள்; இந்தப் போய்வருதலே துக்கம் ஆறும் முறை என்றார்கள் அவர்கள். எப்போதும் ஒரே பக்கம் நிற்பதுதான் சிக்கல். ஆகவே மதியம் தள்ளிவைத்ததற்குச் சாயங்காலம் இடம் தர வேண்டும். வீட்டில் அரை மணி நேரம், அம்மாவைத் தெரிந்த ஒரு சித்தியிடமோ அக்காவிடமோ பேசலாம், போட்டோவைப் பார்க்கலாம், அழலாம். வாரக்கணக்கில் பகலில் திருப்பிவிட்டு, இரவில் டி.வி.யிலும் போனிலும் புதைத்தால், கிரவுண்டிங்கும் பல்லைக் கடித்து அடக்குவதன் இன்னொரு வேஷமாகிவிடும்.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. அலையாக வந்து போகும் சோகத்துக்குத்தான் இது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நாள் முழுக்க மனம் கனத்தே இருக்கிறது, தூக்கமும் பசியும் மாறிவிட்டது, பிடித்த எதிலும் நாட்டமில்லை என்றால், அது மருத்துவரிடம் போக வேண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. இந்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416 இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு எண் 1926.

மற்றபடி, இதைத் தொண்டை அடைக்கும் அன்றுதான் முதன்முதலாகச் செய்து பார்ப்பேன் என்றால் கை கொடுக்காது. மனம் நன்றாக இருக்கும் ஒரு நாளில், டீ வரும் நேரத்துக்குச் சற்று முன், வரிசை மாறாமல் ஒத்திகை பார்க்க வேண்டும்: பெயர், தண்ணீர், மூச்சு, குதிகால், கால்குலேட்டர், வவுச்சர். எந்தப் பொருளைப் பார்ப்பது, எந்த பஸ் வழியைத் திருப்பிச் சொல்வது என்பதையும் அன்றே முடிவுசெய்துகொள்ளலாம். எட்டில் இருக்கும்போது தேர்ந்தெடுக்க மூளைக்குத் தெம்பு இருக்காது.