இரண்டு முத்திரைகளுக்கு நடுவே

யாழ்ப்பாணத்தில் தமிழில் எழுதிய ஒரு சத்தியக்கடதாசி முதலில் ஆங்கிலமாகிறது. பிறகு அந்த ஆங்கிலப் பிரதி ஜெர்மனிக்கோ பிரான்ஸுக்கோ போய், அந்நாட்டு மொழியில் ஓர் அதிகாரியின் மேசைக்கு வருகிறது. 1983க்குப் பின் ஐரோப்பா போன ஈழத்தமிழர் பலருக்கு இந்தப் பாதை பழக்கமானது. அந்த மொழிகளுக்கு நேராகப் பெயர்க்கும் தமிழர்கள் இன்று அங்கே இருக்கிறார்கள். ஆனாலும் அவசரத்திலும், செலவை நினைத்தும், "ஆங்கிலத்தில் இருந்தால் எல்லாருக்கும் புரியும்" என்ற நம்பிக்கையிலும் ஆங்கிலத்தின் வழியாகவே அனுப்புகிறவர்கள் உண்டு. கணினி மொழிபெயர்ப்பும் நெடுங்காலம் இதே வழியில்தான் போனது. தமிழையும் ஜெர்மனையும் அருகருகே வைத்துப் பழக்க நூல்கள் போதாததால், தமிழை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தை ஜெர்மனாக்குவது எளிதாக இருந்தது.

இரண்டு படி ஏறினால் பிழையும் இரு மடங்காகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒவ்வொரு படியிலும் நூற்றில் 90 வாக்கியம் சரியாக வந்தால், கடைசியில் சரியாக மிஞ்சுவது சுமார் 81. கணக்கு சரிதான், ஆனால் உண்மை நிலவரத்தைக் குறைத்துக் காட்டுகிறது. தமிழ்–ஆங்கிலப் படியில் ஒரு தவறும் இல்லாமல், ஆங்கிலம்–ஜெர்மன் படியிலும் ஒரு தவறும் இல்லாமல், முடிவு மட்டும் தவறாக இருக்கக்கூடும் என்பதை அந்தக் கணக்கு காட்டாது. ஐரோப்பாவில் வழக்குத் தாள்கள் சிக்கலாவது பெரும்பாலும் இப்படித்தான் என்பது என் எண்ணம்.

விளக்குவதற்காக நானே ஒரு சத்தியக்கடதாசியின் சில வரிகளை எழுதிப் பார்க்கிறேன்:

"என் மாமாவின் மகள், எனக்கு மச்சாள், முல்லைத்தீவில் ஆசிரியையாக இருந்தார். 05.03.2008 அன்று வவுனியாவில் சோதனைச் சாவடியில் அவரை மறித்தார்கள். 'எங்க போறாய்?' என்று கேட்டார்கள். அவரை வெளியே எடுக்க எங்களுடைய 2 பரப்புக் காணியை விற்றோம்."

முதல் வரியை ஆங்கிலமாக்குகிறவர் 'கஸின்' என்றும் 'டீச்சர்' என்றும் எழுதுவார். இரண்டும் சரியே, எந்த ஆசிரியரும் சிவப்பு மையால் சுழிக்க மாட்டார். ஆனால் தமிழில் இருந்த ஒரு செய்தி அங்கே காணாமல் போய்விட்டது. 'மச்சாள்' பெண். 'ஆசிரியை'யும் பெண். ஆங்கிலச் சொற்கள் இரண்டும் ஆணா பெண்ணா என்று சொல்வதில்லை. அடுத்த படியில் ஜெர்மனும் பிரெஞ்சும் அதையே கேட்கின்றன. உறவுக்காரர் ஆணென்றால் ஒரு வடிவம், பெண்ணென்றால் வேறு வடிவம். ஆசிரியர் என்றால் 'லேரர்', ஆசிரியை என்றால் 'லேரரின்'. தமிழ் கொடுத்ததை ஆங்கிலம் வாங்கவில்லை, ஜெர்மன் அதைக் கேட்கும்போது கையில் எதுவும் இல்லை. இயந்திரமானால் தான் அதிகம் பார்த்த வடிவத்தைப் போடும், அது பெரும்பாலும் ஆண்பால். மனிதரானால் அடுத்த வரிகளைப் பார்த்துத் தேர்ந்துகொள்வார்.

அடுத்த வரியில் விடை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். தமிழ் 'அவர்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. முழுப் பத்தியையும் படித்த மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் பெண்பாலில் எழுதிவிடுவார். அங்கே ஒரு கைப்பிடி கிடைக்கிறது. ஆனால் வாக்கியம் வாக்கியமாக மாற்றும் கருவி முதல் வரியை ஆண்பாலாக முடித்துவிட்டுத்தான் இரண்டாம் வரிக்கே வரும். அங்கே பெண்பாலைக் கண்டு 'ஸீ' என்று போடும். ஜெர்மனில் 'ஸீ' என்பது 'அவளை' மட்டுமல்ல, 'அவர்களை' என்றும் பொருள்படும். முதல் வரியில் ஓர் ஆண் ஆசிரியரைச் சந்தித்த அதிகாரி, இரண்டாம் வரியில் பலரை மறித்தார்கள் என்று படித்துக்கொள்ள முழு நியாயம் உண்டு. ஒரு பெண்ணின் கதை ஓர் ஆணும் அவரோடு சேர்ந்த சிலரும் என்று ஆகிவிடுகிறது.

மூன்றாம் வரிதான் எனக்கு மிகவும் கவலை தருவது. 'எங்க போறாய்' என்பது அதட்டல். யாழ்ப்பாணத் தமிழில் 'போறாய்', 'போறீர்', 'போறீங்கள்' என மூன்று படி உண்டு. அறிமுகமில்லாத ஓர் ஆசிரியையைச் சாவடியில் நிறுத்தி முதல் படியில் பேசுவதே அவமதிப்பு. ஆங்கிலத்தில் மூன்றும் ஒன்றாகிவிடும். அங்கிருந்து ஜெர்மனுக்குப் போகும்போது மறுபடியும் தேர்வு: உரிமையோடும் அதட்டலோடும் பேசும் 'டு'வா, மரியாதைக்குரிய 'ஸீ'யா? பிரெஞ்சிலும் அப்படியே, 'த்யு'வா, 'வூ'வா? அறிமுகமில்லாதவர்கள் பேசுகிறார்கள் என்பதால் மரியாதை வடிவம் விழ எல்லா வாய்ப்பும் உண்டு. விழுந்தால், தான் மிரட்டப்பட்டதாக அந்தப் பெண் நேர்முகத்தில் சொல்ல, தாளில் இருப்பதோ 'தாங்கள் எங்கே செல்கிறீர்கள்' என்ற கனிவான விசாரணை. நேரடியாகத் தமிழிலிருந்து பெயர்த்திருந்தால் இங்கே குழப்பத்துக்கே இடமில்லை. 'நீ' என்றால் 'டு'. இந்த விஷயத்தில் ஆங்கிலத்தைவிட ஜெர்மன்தான் தமிழுக்கு நெருக்கம்.

காணிக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச். 'பரப்பு' என்றால் வெளியாருக்குப் புரியாது என்று நல்லெண்ணத்தோடு ஆங்கிலத்தில் '20 பேர்ச்' என்று மாற்றுவார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் ஆங்கிலத்தில் அதே எழுத்துக்கூட்டில் ஒரு நன்னீர் மீனும் இருக்கிறது. ஜெர்மனில் நில அளவுக்கு அந்தச் சொல் வழக்கில் இல்லை, மீனுக்கு உண்டு. கவனமில்லாத கருவி, குடும்பம் 20 மீன்களை விற்றதாக எழுதிவிடலாம். அதைப் பார்த்ததும் யாரும் பிழை என்று கண்டுகொள்வார்கள், ஆகவே ஆபத்து குறைவு. பிரெஞ்சில்தான் சிக்கல். அங்கே 'பெர்ஷ்' என்று ஒரு பழைய நில அளவு உண்மையாகவே இருந்தது. பாரிஸ் பெர்ஷ் ஏறத்தாழ 34 சதுர மீட்டர், காட்டு நிலங்களுக்கான பெர்ஷ் சுமார் 51. இலங்கையின் பேர்ச் 25 சதுர மீட்டரும் கொஞ்சமும். சொல் பொருந்தும், வாக்கியம் நெருடாது, அளவு மட்டும் வேறு. 2 பரப்பு என்பது சுமார் 506 சதுர மீட்டர் என்று முதலிலேயே எழுதியிருந்தால் இந்த மீனும் வராது, பாரிஸும் வராது.

தேதியிலும் இதே கதை. 05.03.2008 தமிழர் எழுதும் முறையில் மார்ச் 5. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் அப்படியே நாள், பிறகு மாதம். இரு முனையிலும் ஒரே வழக்கம். நடுவில் வரும் ஆங்கிலத்துக்குத்தான் இரண்டு வழக்கம். அமெரிக்க முறைப்படி யாரோ மாதத்தை முன்னால் போட்டு 03/05/2008 என்று திருத்தினால், ஜெர்மன்காரர் அதை மே 3 என்று படிப்பார். அந்தப் பெண் ஏப்ரலில் நாட்டைவிட்டுப் போனதாகக் கடவுச்சீட்டில் முத்திரை இருந்தால், போன பிறகு மறிக்கப்பட்டதாக ஆகிறது. பெருந்தொகைகளிலும் இதே பொறி உண்டு. 100 கோடி ஆங்கிலத்தில் 'பில்லியன்'. ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் அதற்கு இணை 'மில்லியார்ட்' போன்ற வேறு சொல். அந்த மொழிகளில் 'பில்லியன்' எனத் தோன்றும் சொல்லுக்கு லட்சம் கோடி என்று பொருள். ஆயிரம் மடங்கு வித்தியாசம், எழுத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இவ்வளவும் சரிபார்ப்பில் ஏன் அகப்படுவதில்லை? ஜெர்மன் பிரதியை ஆங்கிலப் பிரதியோடுதான் ஒப்பிடுகிறார்கள். 'லேரர்' என்பதற்கு 'டீச்சர்' சரியான ஆங்கிலம், ஆக ஒப்பீட்டில் குறை தெரியாது. ஜெர்மனை மறுபடியும் ஆங்கிலமாக்கிப் பார்க்கும் வழக்கமும் இதே காரணத்தால் ஏமாற்றும்: ஆண்பால் திரும்பப் பொதுச்சொல்லாகி, பிழை தன் சுவட்டைத் தானே அழித்துக்கொள்ளும். எந்தக் கருவியாவது நடுவில் ஆங்கிலத்தை வைக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. 'ஆசிரியை வந்தார்', 'என் தோழி சிரித்தாள்', 'நீ எங்கே போகிறாய்' என்று தனித்தனியே கொடுத்துப் பாருங்கள். ஜெர்மனில் ஆண்பாலும் மரியாதை 'ஸீ'யும் வந்தால், இடையில் ஆங்கிலம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். 2022இல் வந்த என்.எல்.எல்.பி போன்ற கருவிகள் நடுவில் ஆங்கிலத்தை எழுதாமலே தமிழிலிருந்து ஜெர்மனுக்கு மாற்றுகின்றன. ஆனால் அவை பழகிய நூல்களில் ஆங்கிலத்தின் பங்கு பெரிது என்பதால், அந்தச் சாயல் முழுக்கப் போய்விடுவதில்லை.

மனிதர் மொழிபெயர்ப்பில் பொறுப்பு என்ற சிக்கலும் சேர்கிறது. ஜெர்மனியில் நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர், தான் எந்த மொழியிலிருந்து பெயர்த்தார் என்பதைக் குறிப்பிட்டே முத்திரை குத்துவார். கையில் ஆங்கிலப் பிரதிதான் வந்திருந்தால், ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்குச் சரியாக வந்ததற்கே அவர் சான்று. இலங்கையில் முத்திரை குத்தியவர் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சான்று. ஆசிரியை ஆசிரியர் ஆனது இரண்டு முத்திரைகளுக்கும் நடுவே இருக்கிறது. அதற்கு யாரும் கையெழுத்திடவில்லை, யாரையும் கேட்கவும் முடியாது.

1708இல் தரங்கம்பாடியில் பார்த்தலோமேயு சீகன்பால்கு நீதி வெண்பாவையும் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் தமிழிலிருந்து நேராகவே ஜெர்மனாக்கினார். இன்று ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர்கள் அதே வேலையை வீட்டில் தினமும் செய்கிறார்கள். அங்கீகாரம் பெற்றவர்களைத் தேடுவதுதான் சிரமம், ஆனால் தேடத்தக்கது. கிடைக்கவே இல்லையென்றால், ஆங்கிலப் பிரதி அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். 'கஸின்' என்ற சொல்லோடு 'பெண், தாயின் சகோதரரின் மகள்' என்று எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர் பெண் என்பதும் வரட்டும். மாதத்தை எழுத்தில், தொகையை எண்ணிலும் எழுத்திலும், காணியைச் சதுர மீட்டரில். 'எங்க போறாய்' என்ற இடத்தில், இது மரியாதையற்ற ஒருமை என்று ஒரு குறிப்பு. அதோடு தமிழ் மூலத்தையும் பின்னிணைத்து அனுப்புங்கள். ஜெர்மன் மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். ஆனால் முரண் தெரிந்தால் வேறொரு தமிழரைக் கூப்பிட்டு, தேதியையாவது பார்த்துச் சொல்லச் சொல்ல அந்தத் தாள் இருக்கும்.