நோட்டீஸ் வந்தா முதல்ல ஒரு பக்கம்: கே.ஜி.கண்டிகை ஹார்டுவேர் கடையின் ஜி.எஸ்.டி. கணக்கு

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க. "அப்பா கடைக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்திருக்கு, பதினாலு பக்கம் இருக்கு, எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல." இன்னைக்கு அதை மட்டும் பேசலாம். பதில் எப்படி எழுதுறதுன்னு பேசப்போறதில்லை. அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு: அந்தப் பதினாலு பக்கத்தை ஒரே பக்கமா சுருக்குறது. எவ்வளவு கேக்கறாங்க, எதுக்காகக் கேக்கறாங்க, எப்போதுக்குள்ள பதில் சொல்லணும், அதுக்கு என்னென்ன காகிதம் வேணும். நாலே விஷயம்தான்.

கே.ஜி.கண்டிகைல ஒரு ஹார்டுவேர் கடை. திருத்தணிப் பக்கம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அங்கிருந்து ஆந்திரா எல்லை பக்கம்தான். நகரில இருந்து சரக்கு வர்றது சாதாரணம். இந்தக் கடைக்கும் பி.வி.சி. பைப், ஃபிட்டிங்ஸ் எல்லாம் நகரி டீலர்கிட்ட இருந்துதான் வருது. இது நாம சுருக்கப்போற நோட்டீஸுக்கு ரொம்ப முக்கியம், அதனாலதான் சொல்றேன். கடைப்பேர் சொல்லல, எண்களையும் சுலபமா கூட்டிப் பார்க்கற மாதிரி மாத்தியிருக்கேன்.

கடைக்காரர் என்கிட்ட வந்து, "தம்பி, ரெண்டரை லட்சத்துக்கு மேல கட்டணுமாம்"னார். எங்க பார்த்தீங்கன்னு கேட்டேன். போன்ல ஒரு பக்கத்தைக் காட்டினார். அது `DRC-01`. அது நோட்டீஸோட சுருக்கம் மட்டும்தான். காரணம் எல்லாம் அதோட இணைச்சிருக்கற பி.டி.எஃப்.ல இருக்கும். அதை அவர் திறக்கவே இல்லை. போர்ட்டல்ல `Services > User Services > View Additional Notices/Orders` போனா ரெண்டும் கிடைக்கும். ரெண்டையும் டவுன்லோட் பண்ணாம சுருக்க ஆரம்பிக்காதீங்க. இந்த மூலைல நோட்டீஸ் கிடந்ததே தெரியாம, பதில் போடாம, உத்தரவு வந்தப்புறம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனவங்க நிறைய பேர். பல வழக்குகள்ல வரில ஒரு பங்கை முதல்ல கட்டச் சொல்லித்தான் மறுபடியும் விசாரிக்க அனுப்பியிருக்காங்க.

பி.டி.எஃப்.ஐத் திறந்ததும் முதல்ல தேட வேண்டியது எந்தப் பிரிவுன்னு. இவருக்கு வந்தது 2022-23 நிதியாண்டுக்கு, பிரிவு 73. மோசடின்னு குற்றம் சாட்டினா அது பிரிவு 74, அதுல அபராதமே வரிக்குச் சமமா போகும். 2024-25ல இருந்து வர்ற ஆண்டுகளுக்கு 74ஏன்னு தனிப் பிரிவு, அதுக்குக் கெடு எல்லாம் வேற. நாம 73ஐ மட்டும் பார்ப்போம்.

இப்போ தொகை. மொத்தம் 2,60,240 ரூபாய்னு போட்டிருக்கு. இந்த எண்ணை அப்படியே எழுதி வச்சுக்கிட்டா பயம் மட்டும்தான் மிஞ்சும். அதை உடைக்கணும். வரி 1,56,000. வட்டி வருஷத்துக்கு 18 சதவீதம், மூணு வருஷத்துக்குப் போட்டிருக்காங்க, 84,240. அபராதம் 20,000. இந்த அபராதத்தைப் பார்த்து கடைக்காரர், "பத்து சதவீதம்தானே, 15,600 தானே வரணும்"னு கேட்டார். நல்ல கேள்வி. சட்டம் சொல்றது வரில 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது. மத்திய வரி 78,000, மாநில வரி 78,000, ரெண்டும் தனித்தனிச் சட்டம். 78,000க்குப் பத்து சதவீதம் 7,800. அதைவிட 10,000 அதிகம். அதனால ரெண்டு தடவை 10,000. கணக்கு சரிதான்.

ஆனா பாருங்க, உண்மையான சண்டை 1,56,000 மேலதான். வரி குறைஞ்சா வட்டி தானா குறையும். அதனால நம்ம பக்கத்துல வரியை மட்டும் பெருசா எழுதி, வட்டி, அபராதத்தை அதுக்குக் கீழ சின்னதா எழுதினேன்.

அடுத்து, எதுக்காகக் கேக்கறாங்க. இங்கதான் நேரம் செலவு பண்ணணும். நோட்டீஸ்ல ரெண்டு குற்றச்சாட்டு. முதல் குற்றச்சாட்டு, `GSTR-3B`ல எடுத்த உள்ளீட்டு வரி, `GSTR-2B`ல இருக்கறதைவிட அதிகம். நாம வாங்கின சரக்குக்குக் கட்டின வரியை நாம விக்கற வரில கழிச்சுக்கறோம் இல்லையா, அதான் உள்ளீட்டு வரி. `3B` நாம சொன்னது. `2B` நமக்கு வித்தவங்க சொன்னதை வச்சு போர்ட்டல் தயாரிச்சது. மத்திய வரில 60,000, மாநில வரில 60,000, ஆக 1,20,000 அதிகம் எடுத்திருக்கீங்கன்னு சொல்றாங்க.

நோட்டீஸ்ல இருக்கற டேபிளை நான் அப்படியே நம்பறதில்லை. போர்ட்டல்ல அதே வருஷத்து பன்னிரண்டு மாச `2B`ஐயும் எடுத்துப் பக்கத்துல வச்சேன். அதுல ஒரு விஷயம் நோட்டீஸ்ல வரவே இல்லை. ஐ.ஜி.எஸ்.டி. கலத்துல 88,000 ரூபாய் இருக்கு, `3B`ல அதே இடத்துல பூஜ்யம். நகரி சரக்குதான்! வெளி மாநிலத்துல இருந்து வந்தா பில்லுல ஐ.ஜி.எஸ்.டி.தான் வரும். அப்போ கணக்கு எழுதினவர் அதைப் பாதிப் பாதியா பிரிச்சு 44,000 மத்திய வரில, 44,000 மாநில வரில போட்டிருக்கார். அதிகாரி ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியா ஒப்பிட்டதால ரெண்டுல அதிகம்னு வந்திருக்கு. மூணாவதுல எடுக்காம விட்டது கணக்குலயே வரல.

இது எல்லைப் பக்கக் கடைகள்ல நான் அடிக்கடி பார்க்கறது. இதே மாதிரி தலைப்பு மாறின ஒரு வழக்குல, அது தவறா எடுத்த வரவு ஆகாதுன்னு கேரள உயர் நீதிமன்றம் 2024ல சொல்லியிருக்கு. நம்ம அதிகாரி அதை ஏத்துக்கித்தான் ஆகணும்னு கட்டாயமில்லை, அது வேற மாநிலத் தீர்ப்பு. ஆனாலும் பதில்ல காட்டலாம்.

1,20,000ல 88,000 போனா மிச்சம் 32,000. கொள்முதல் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பில்லா டிக் அடிச்சோம். 20,000 ரூபாய் 2022 மார்ச் மாச பில்கள். வித்தவர் ஏப்ரல்ல ரிட்டர்ன் போட்டார், அதனால 2022 மார்ச் `2B`ல அது இருக்கு. கடைக்காரர் லேட்டா, மே மாச `3B`ல எடுத்திருக்கார். நோட்டீஸ் 2022-23 `2B`ஐ மட்டும் பார்த்ததால இல்லைன்னு வருது. முந்தின வருஷத்து பில்லை 2022 நவம்பர் 30 வரைக்கும் எடுக்கலாம், அதனால இதுல தப்பே இல்லை.

கடைசி 12,000க்கு வித்தவர் ரிட்டர்னே போடல. 2022 ஜனவரி 1ல இருந்து, வித்தவர் காட்டாத பில்லுக்கு உள்ளீட்டு வரி கிடையாதுன்னு சட்டத்துலயே இருக்கு. இதுக்குச் சண்டை போட்டு மத்த விஷயத்தோட பலத்தையும் கெடுத்துக்க வேண்டாம்னு என் கருத்து. சுருக்கத்துல "ஒத்துக்கறது: 12,000"னு எழுதினேன். மூணு வருஷ வட்டி 6,480 சேர்த்து 18,480. `DRC-03`ல கட்டிட்டு, அந்த ரசீதையும் பதிலோட வைக்கணும்.

ரெண்டாவது குற்றச்சாட்டு 36,000. `GSTR-1`ல காட்டின விற்பனை வரி `3B`ல கட்டினதைவிட அதிகம். காரணம் ஒரே ஒரு கான்ட்ராக்டர். ரெண்டு லட்சத்துக்கு வாங்கின சரக்கைத் திருப்பி அனுப்பிட்டார். கடைக்காரர் கிரெடிட் நோட் போட்டு `3B`ல கழிச்சார், ஆனா `GSTR-1`ல அதைப் பதிவு பண்ணவே இல்லை. இதை முதல் குற்றச்சாட்டு மாதிரி சுலபமா நினைக்காதீங்க. கிரெடிட் நோட்டுக்கும் அடுத்த நவம்பர் 30 தான் கெடு. அதோட வாங்கினவர் தான் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்டியிருக்கணும். அந்தக் கான்ட்ராக்டர் எழுத்துல உறுதி கொடுத்தா வழக்கு நிக்கும், இல்லைன்னா கஷ்டம். சுருக்கத்துல இதுக்குப் பக்கத்துல கேள்விக்குறி போட்டேன். எல்லாத்துக்கும் "மறுக்கிறோம்"னு ஒரே வார்த்தை எழுதற சுருக்கம் உதவாது.

இப்போ தேதி. நோட்டீஸ் ஜூன் 10. பதில் ஜூலை 10க்குள். கடைக்காரர் ஜூன் 29 அன்னைக்குத்தான் பார்த்தார். அவருக்கு முப்பது நாள்னு தோணுது, கைல இருக்கறது பதினொண்ணு. இன்னொரு கெடுவும் இதுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கு. நோட்டீஸ் போட்ட நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள வரியும் வட்டியும் முழுசா கட்டினா அபராதம் கிடையாது. நாம ஒரு பங்கை மட்டும் கட்டறதால அந்தச் சலுகை நேரடியா பொருந்தாது. கட்டின பங்குக்கு வட்டி நிக்கும், அபராதத்தை விடச் சொல்லிப் பதில்ல கேக்கலாம், முடிவு அதிகாரி கைல.

கால அவகாசம் கேக்கணும்னா ஜூலை 10க்கு முன்னாடியே, காரணத்தோட, எழுத்துல கேளுங்க. போதிய காரணம் இருந்தா தள்ளி வைக்கலாம், மூணு தடவைக்கு மேல கிடையாது. துறைக்கும் ஒரு கெடு இருக்கு. 2022-23க்குப் பிரிவு 73 உத்தரவு 2026 டிசம்பர் 31க்குள்ள வரணும், நோட்டீஸ் அதுக்கு மூணு மாசம் முன்னாடி. தாண்டி வந்திருந்தா அதுவே முதல் எதிர்ப்பு. இவர் நோட்டீஸ் காலத்துக்குள்ளதான்.

காகிதங்களைக் குற்றச்சாட்டுவாரியா பிரிச்சு வைங்க, இல்லைன்னா எல்லாத்தையும் ஒரே கட்டா கொண்டுவந்து கொட்டுவீங்க. நகரி சரக்குக்கு பில், ஈ-வே பில், பேங்க் மூலமா பணம் போன ஸ்டேட்மென்ட், அந்தந்த மாச `2B`. மார்ச் பில்களுக்கு 2022 மார்ச் `2B`, மே மாச `3B`. கிரெடிட் நோட்டுக்கு நோட்டோட நகல், சரக்கு திரும்பி வந்ததுக்கு ஆதாரம், கான்ட்ராக்டரோட லெட்ஜர், அவர் உறுதிக் கடிதம். கடைசிக் கடிதத்தை வாங்கறதுதான் தாமதமாகும், அதனால அன்னைக்கே போன் பண்ணச் சொன்னேன். "அவன் இப்போ பெங்களூருல இருக்கான் தம்பி"ன்னார். வாட்ஸ்அப்ல ஸ்கேன் வந்தாலும் போதும், கையெழுத்தும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கணும்னேன்.

ஆக, பக்கம் இப்படி முடிஞ்சது. மொத்தம் 1,56,000 வரி. 88,000 தலைப்பு மாறினது, 20,000 வருஷம் மாறினது, ரெண்டும் மறுக்கிறோம். 36,000 கடிதத்தைப் பொறுத்தது. 12,000 கட்டறோம். பதில் ஜூலை 10, `DRC-06`. அதை நிரப்பும்போது நேரில் விசாரணை வேணுமான்னு ஒரு கேள்வி வரும், `Yes` போடுங்க. சமர்ப்பிச்சதும் வர்ற ஏ.ஆர்.என். எண்ணை அந்தப் பக்கத்துலயே மேல எழுதி வச்சுக்கங்க.