சூத்திரத்தை மனனம் செய்யுமுன் வெற்றுத்தாளில் பெற்றுப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதமும் பௌதிகவியலும் படிக்கும் பிள்ளைகளிடம் தடித்த சூத்திரத் தாள் ஒன்று இருக்கும். எறியத்தின் கிடை வீச்சு R = u² sin 2θ / g அதில் ஒன்று. மாடியிலிருந்து பந்தை எறியும் வினாவுக்கும் இதையே பிரதியிட்டுப் புள்ளியை இழப்பவர்கள் உண்டு.

இரவில் பத்து நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் இதைப் பெற்றுப் பாருங்கள். நிலைக்குத்து இயக்கத்துக்கு s = ut + ½at² ஐப் பிரயோகித்து, s = 0 என்று இடுகிறோம்:

0 = (u sin θ)t − ½gt²

இதிலிருந்து t = 2u sin θ / g. இதைக் கிடை வேகம் u cos θ ஆல் பெருக்கினால் வீச்சு கிடைக்கும்.

s = 0 என்று இட்ட இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. பந்து எறிந்த மட்டத்திலேயே விழுகிறது என்பது அதன் பொருள். மாடியின் உயரம் h என்றால் s = −h. அப்போது சூத்திரம் பொருந்தாது, முறை பொருந்தும்.

பார்க்காமல் பெற்ற பிறகே சூத்திரத்தை உங்கள் தாளில் சேருங்கள். பக்கத்தில் ‘அதே மட்டம், வளித்தடை இல்லை’ என்று நிபந்தனையையும் எழுதுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று போதும். சனிக்கிழமை பழையவற்றில் மூன்றைத் திரும்பப் பெறுங்கள். ஞாயிறு, தலைப்புகளை மட்டும் பார்த்து முழுத் தாளையும் எழுதுங்கள். தடக்குப்பட்டது திங்கட்கிழமைக்குரியது.

கூலோமின் விதி போன்றவை பரிசோதனையில் கண்டவை. அவற்றை இப்படிப் பெற முடியாது. தாளில் வேறு நிறத்தில் எழுதி மனனம் செய்யுங்கள்.