பொலிகிடா பக்கத்துப் பட்டியிலிருந்து வரட்டும்

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் கன்னி ஆடு வளர்க்கும் பல வீடுகளில் பத்துப் பன்னிரண்டு பெட்டைகளும் ஒரு கிடாவும்தான் இருக்கும். கோயில் கொடையோ பக்ரீத்தோ நெருங்கினால் வியாபாரி பட்டிக்கு வந்துவிடுவார். எலும்பு கனத்து வேகமாக வளர்ந்த கிடாக்குட்டியின் மேல்தான் அவர் கை முதலில் விழும். நல்ல விலை வருகிறதே என்று அதைக் கொடுத்துவிடுவார்கள். விலை போகாமல் மிஞ்சிய குட்டி பட்டியிலேயே வளர்ந்து பொலிகிடாவாகிவிடும்.

இதில் இரண்டு கேடு சேர்ந்தே வருகின்றன. வளர்ச்சியில் பின்தங்கியது அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகிறது. அதுவும் பிறந்த பட்டியிலேயே, தாயோடும் அக்கா தங்கைகளோடும் சேர்கிறது.

ரத்த உறவுக்குள் சேர்ந்தால் என்ன ஆகும்? எந்த ஆட்டின் உடலிலும் வெளியே தெரியாத பரம்பரைக் குறை ஒன்றிரண்டு இருக்கும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அதே குறை வந்தால்தான் அது குட்டியில் வெளிப்படும். கிடாவிடம் அப்படி மறைந்திருக்கும் ஒரு குறை, மகளுக்குப் போக இரண்டில் ஒரு வாய்ப்பு. அந்த மகளோடு அதே கிடா சேர்ந்தால், பிறக்கும் எட்டுக் குட்டிகளில் ஒன்றுக்குக் குறை வெளிப்படலாம். உறவில்லாத கிடாவிடம் அதே குறை இருப்பது அபூர்வம் என்பதால் ஆபத்து மிகக் குறைவு.

பெரும்பாலும் ஊனமாக எதுவும் கண்ணில் படாது. குட்டி எடை குறைந்து பிறக்கும், பால் குடிக்கச் சோம்பும், முதல் மாதத்திலேயே சில சாகும். இரட்டைக் குட்டி ஈனும் பெட்டைகள் குறையும். குடற்புழுவும் தீவனக் குறையும் இதே மாதிரிதான் காட்டும் என்பதால் பழி அங்கே போய்விடுகிறது. பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஒரே மேய்ச்சலில் இருக்கும், வெளியிலிருந்து வாங்கிய பெட்டைகளின் குட்டிகள் தேறி, பட்டியில் பிறந்த பெட்டைகளின் குட்டிகள் மட்டும் தொடர்ந்து நோஞ்சானாக இருந்தால் கிடாவைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் தலை ஈத்துக் குட்டி இயல்பாகவே எடை குறைவு. ஆகவே தலை ஈத்தைத் தலை ஈத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றச் சொல்வது வழக்கம். சின்னப் பட்டிக்கு அது தாமதம் என்றே சொல்ல வேண்டும். தை மாதம் புதுக்கிடா வந்து சேர்ந்தால், சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள், ஆனியில் குட்டிகள் பிறக்கும். நன்றாக மேய்ந்த பெட்டைக்குட்டி ஆறேழு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். அடுத்த தையில் தகப்பன் அதே பட்டியில்தான் நிற்கும்! எனவே ஒரு வருடத்தில் கிடா இடம் மாற வேண்டும், இல்லாவிட்டால் மகள்களைத் தனியே அடைக்க வேண்டும்.

வருடந்தோறும் புதுக்கிடா வாங்கப் பணம் ஏது? மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்தால் செலவு குறையும். ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று கிடாக்களை ஆளுக்கொன்றாக வாங்கி, வருடம் முடிந்ததும் முதல் வீட்டுக் கிடா இரண்டாம் வீட்டுக்கும், இரண்டாம் வீட்டுக் கிடா மூன்றாம் வீட்டுக்கும், மூன்றாம் வீட்டுக் கிடா முதல் வீட்டுக்கும் போக வேண்டும். திசை மாறக் கூடாது. மூன்று வருடத்தில் சுற்று முடியும்போது மூன்றையும் விற்றுவிட வேண்டும். நான்காம் வருடம் பழைய கிடா திரும்பினால் மகள்களைச் சந்திக்கும். அவற்றின் மகன்களையும் இந்த மூன்று பட்டிகளில் பொலிக்கு விடக் கூடாது; ஒரு தகப்பனின் பிள்ளைகள் எல்லாப் பட்டியிலும் இருப்பார்கள். மூன்றும் ஒரே சந்தையில், ஒரே ஆளிடம் வாங்கியவையாக இருந்தால் இந்த ஏற்பாடே வீண்.

கிடா வாங்கும்போது முதலில் அதன் தாயைக் காட்டச் சொல்ல வேண்டும். இரட்டை ஈன்று இரண்டையும் பாலூட்டி வளர்த்த தாயா என்பது கொம்பின் அழகைவிட முக்கியம். பிறகு கிடாவின் பின்னால் உட்கார்ந்து விரையைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டும் கீழே இறங்கி, ஒரே அளவில், கெட்டியாக இருக்க வேண்டும். ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடலாம், அந்தக் குறை மகன்களுக்கும் போகும். வாயைத் திறந்து, கீழ்ப்பற்கள் மேல் ஈறோடு பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பட்டிக்கு வந்தபின், சேர்ந்த பெட்டைகள் மூன்று வாரத்தில் மறுபடி பருவத்துக்கு வருகின்றனவா என்று கவனித்தால் கிடாவின் திறமும் தெரிந்துவிடும்.

இத்தனையும் செய்து, பட்டியில் பிறந்த கிடாக்குட்டிகளை அப்படியே விட்டால் பலனில்லை. சில கிடாக்குட்டிகள் நான்கு மாதத்திலேயே பெட்டையைச் சினையாக்கிவிடும். மூன்று மாதத்தில் பிரித்துவிட வேண்டும், அல்லது கால்நடை மருத்துவமனையில் காயடித்துவிட வேண்டும். குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவைப் பலர் காயடிக்க மாட்டார்கள். அது மேய்ச்சலுக்குப் போகும்போது வயிற்றுக்கு முன்னால் தொங்கும்படி ஒரு சாக்குத் துணியைக் கட்டிவிட்டால் சேர்க்கை நடக்காது.

பல வருடமாக உறவுக்குள்ளேயே சேர்ந்து மெலிந்துபோன பட்டியையும் விற்றுத் தீர்க்க வேண்டியதில்லை. நெருங்கிச் சேர்ந்து பிறந்த பெட்டையாக இருந்தாலும், உறவே இல்லாத வேற்றூர்க் கன்னிக் கிடாவோடு சேர்ந்தால் அதன் குட்டிக்கு அந்த நெருக்கம் வராது. ஒரே ஈத்தில் கணக்கு புதிதாகத் தொடங்கும்.