பத்தாண்டு கழித்தும் செல்ல வேண்டிய கையொப்பம்

கோவையில் பம்ப் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று 2025 மார்ச்சில் ஒரு வாடிக்கையாளருடன் பத்தாண்டு உத்தரவாத ஒப்பந்தம் செய்துகொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆடிட்டர் வாங்கிக் கொடுத்த யுஎஸ்பி டோக்கனைக் கணினியில் செருகி, உரிமையாளர் பிடிஎஃப் கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இடுகிறார். பச்சை டிக் விழுகிறது. டோக்கனில் உள்ள சான்றிதழ் 2026 செப்டம்பரில் காலாவதியாகிறது. ஒப்பந்தமோ 2035 வரை. நடுவில் 2033இல் ஒரு தகராறு வந்து அந்தக் கோப்பைத் திறந்தால், கையொப்பம் செல்லும் என்று கணினி சொல்லுமா?

சாதாரணமாகப் போட்ட கையொப்பம் என்றால், பெரும்பாலும் சொல்லாது. காரணம் புரிய, கையொப்பத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மென்பொருள் முதலில் கோப்பு முழுவதையும் கணக்கிட்டு, ஹாஷ் எனப்படும் ஒரு சிறிய எண்ணைப் பெறுகிறது. கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். டோக்கனுக்குள் இருக்கும் ரகசியச் சாவி அந்த எண்ணில் கையொப்பமிடுகிறது. அந்தச் சாவி இன்னாருடையது என்று சொல்வது சான்றிதழ். இந்தியாவில் அதை வழங்குபவை, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி உரிமம் பெற்ற நிறுவனங்கள்.

கையொப்பக் கட்டத்தில் தேதியும் நேரமும் தெரிகிறதே என்று தோன்றலாம். அது கையொப்பமிட்டவரின் கணினிக் கடிகாரம் காட்டிய நேரம் மட்டுமே. கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் பின்னால் தள்ளி வைக்கலாம். 2026 ஜனவரியில் டோக்கன் தொலைந்து, சான்றிதழ் ரத்து செய்யப்பட்டது என்று கொள்ளுங்கள். எதிர்த் தரப்பு, “டோக்கனை எடுத்த யாரோ தேதியை மாற்றி இட்ட கையொப்பம் இது” என்று வாதிட்டால், மறுக்க அந்தக் கோப்பில் எதுவும் இருக்காது.

இங்கேதான் நம்பகமான நேரமுத்திரை வேண்டும். கடிதத்தின் மேல் அஞ்சலகம் குத்தும் முத்திரை போல, சம்பந்தமில்லாத மூன்றாம் தரப்பு ஒன்று நேரத்துக்குச் சாட்சி சொல்கிறது. கையொப்பமிட்டதும் மென்பொருள் அந்தக் கையொப்பத்தின் ஹாஷை மட்டும் நேரமுத்திரைச் சேவையகத்துக்கு அனுப்புகிறது. ஒப்பந்தம் உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. சேவையகம் அந்த எண்ணோடு தன் நேரத்தையும் சேர்த்து, தன் சாவியால் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகிறது. இதற்கான பொது நெறிமுறை 2001இல் RFC 3161 என்ற பெயரில் வெளியானது. இந்த முத்திரை, கையொப்பம் குறிப்பிட்ட நொடிக்கு முன்பே இருந்தது என்பதை நிறுவுகிறது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது உண்மையா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ஆதார் வழியாக ஓடிபி கொடுத்து இடும் இ-சைன் கையொப்பத்தில் இதன் தேவை இன்னும் கூர்மையானது. அந்தச் சான்றிதழின் ஆயுள் 30 நிமிடம்தான். நேரமுத்திரை இல்லாத இ-சைன் கோப்பை மறுநாள் திறந்தாலே, கையில் இருப்பது காலாவதியான சான்றிதழ்.

நேரம் நிரூபணமானாலும் இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது: அந்த நேரத்தில் சான்றிதழ் ரத்தாகாமல் இருந்ததா? இன்று கேட்டால், சான்றிதழ் வழங்கிய நிறுவனம் இணையம் வழியாக உடனே பதில் சொல்லும். 2033இல் கேட்டால் பதில் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. காலாவதியான சான்றிதழ்களைப் பொதுவாக ரத்துப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். நிறுவனமே மூடப்பட்டிருக்கவும் கூடும். ஆகவே பதில் கிடைக்கும் காலத்திலேயே அதை வாங்கிக் கோப்புக்குள் வைத்துவிட வேண்டும். சான்றிதழ், அதை வழங்கியவரின் சான்றிதழ், ரத்து நிலை பற்றிய கையொப்பமிட்ட பதில் எல்லாம் பிடிஎஃபின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். பழைய பகுதியில் எதையும் தொடாமல் பின்னால் மட்டுமே சேர்ப்பதால் முதல் கையொப்பம் கெடுவதில்லை.

அக்ரோபேட்டில் இதைச் செய்ய, Preferences பகுதியில் Signatures என்பதைத் திறந்து, Document Timestamping என்ற இடத்தில் நேரமுத்திரைச் சேவையகத்தின் முகவரியைக் கொடுக்க வேண்டும். முகவரியைச் சான்றிதழ் வழங்கிய நிறுவனத்திடமே கேட்டுப் பெறலாம். அதே Signatures பகுதியில், கையொப்பம் உருவாக்கும் அமைப்புகளில் Include signature's revocation status என்ற கட்டத்தில் டிக் இருக்கட்டும். கையொப்பமிட்ட பின் கையொப்பப் பலகையை விரித்துப் பாருங்கள். Signing time is from the clock on the signer's computer என்றிருந்தால் நேரமுத்திரை விழவில்லை. Signature is LTV enabled என்றிருந்தால் சரிபார்ப்புக்கு வேண்டியவை உள்ளே இருக்கின்றன. இல்லையென்றால் கையொப்பத்தின் மேல் வலது சொடுக்கி, Add Verification Information கொடுத்துச் சேமிக்கலாம். பின்னர் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, மூல நம்பிக்கைச் சான்றிதழ் ஏற்கெனவே பதிந்துள்ள வேறொரு கணினியில் கோப்பைத் திறந்து பாருங்கள். அங்கும் செல்லுபடி என்று வந்தால், கோப்பு வெளி உதவி இல்லாமல் நிற்கிறது.

பத்தாண்டுக்கு இதுவும் போதாமல் போகலாம். நேரமுத்திரை இட்டவரின் சான்றிதழுக்கும் முடிவு தேதி உண்டு. கணக்கு முறைகளும் முதுமை அடைகின்றன. ஒரு காலத்தில் எங்கும் பயன்பட்ட எஸ்ஹெச்ஏ-1 என்ற ஹாஷ் முறையில், ஒரே எண்ணைத் தரும் இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் உருவாக்கிக் காட்டின. எஸ்ஹெச்ஏ-256க்கு இன்று அந்தப் பலவீனம் இல்லை. ஆனாலும் பழைய முத்திரை சாவதற்குள், கோப்பு முழுவதன் மேலும் புதிய நேரமுத்திரை ஒன்றை இட வேண்டும். அக்ரோபேட் புரோவின் சான்றிதழ்க் கருவியில் இதற்கு Time Stamp என்ற பொத்தான் இருக்கிறது. அதை இடுவதற்கு முன் பழைய முத்திரையின் சரிபார்ப்புத் தகவலும் கோப்புக்குள் சேர்ந்திருக்க வேண்டும். இப்படித் தொடர்ந்து புதுப்பிக்க இடம் தரும் நிலையின் பெயர் PAdES B-LTA. கையொப்ப மென்பொருள் வாங்குபவர்கள் இந்தப் பெயரைச் சொல்லியே கேட்கலாம்.

நம் பம்ப் நிறுவனம் நேரமுத்திரைச் சான்றிதழின் முடிவு தேதியைப் பலகையில் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதற்கு ஓராண்டு முன்னதாகப் புதுப்பித்துவிட்டால், 2033இல் கோப்பைச் சோதிப்பவர் கடைசி முத்திரையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி 2025 மார்ச்சுக்குப் போய்ச் சேர முடியும்.

இத்தனையையும் பாழாக்கச் சில நொடிகள் போதும். கோப்பைச் சுருக்கும் இணையதளத்தில் ஏற்றினால், பிற கோப்புகளோடு இணைத்தால், மீண்டும் பிடிஎஃபாக அச்சிட்டால் கையொப்பம் போய்விடும். மிஞ்சுவது அதன் படம்தான். காகிதத்தில் அச்சிட்ட நகலுக்கும் இதே கதிதான். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் கோப்பு மாறாது. என்றாலும் மூலக் கோப்பை இரண்டு இடங்களிலாவது அப்படியே பத்திரப்படுத்த வேண்டும்.

ஏற்கெனவே நேரமுத்திரை இல்லாமல் கையொப்பமிட்ட கோப்புகள் இருந்தால், சான்றிதழ் காலாவதியாகாதவரை காப்பாற்றலாம். சரிபார்ப்புத் தகவலைச் சேர்த்து, அதன் மேல் ஆவண நேரமுத்திரை இட்டால் இன்றைய தேதி உறுதியாகும். கையொப்பமிட்ட பழைய தேதி நிரூபணமாகாது. ஆனால் சான்றிதழ் உயிரோடு இருந்தபோதே கையொப்பமும் இருந்தது என்பது நிலைக்கும். சான்றிதழ் முடிந்த மறுநாள் இட்டால் அந்தப் பலன் கிடைக்காது. ஆகவே டோக்கனைப் புதுப்பிக்கச் சொல்லி ஆடிட்டரிடமிருந்து நினைவூட்டல் வரும்போதே, பழைய டோக்கனால் கையொப்பமிட்ட முக்கியக் கோப்புகளையும் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.