மணலில் கலந்த உப்பைத் திரும்ப எடுப்பது எப்படி?

ஒரு தட்டில் மூன்று மேசைக்கரண்டி உலர்ந்த ஆற்று மணலைப் போடுங்கள். ஒரு மேசைக்கரண்டி கல் உப்பைப் பொடித்து அதில் கலந்துவிடுங்கள். பிறகு வீட்டுப் பிள்ளைகளிடம் நீட்டி, "உப்பை மட்டும் தனியாக எடுங்கள்" என்று சொல்லுங்கள். விரலால் பொறுக்க முடியாது, சல்லடையாலும் ஆகாது. இரண்டும் ஒரே அளவுத் துகள்கள்.

இந்தத் தட்டில் மூன்றாவதாக ஒரு பொருளும் இருக்கிறது. அதை முதலில் எடுத்துவிடலாம். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கலவைக்குள் மெல்ல இழுங்கள். கருப்பு மணிகள் சில பையின் மேல் முடியைப்போல் குத்திட்டு நிற்கும். அவை மேக்னடைட் என்ற இரும்புத் தாது. வேறொரு காகிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு பைக்குள்ளிருந்து காந்தத்தை வெளியே எடுத்தால் மணிகள் தாமாக உதிரும். பை இல்லாமல் காந்தத்தை நேராக மணலில் விட்டால், ஒட்டிய தூளைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. கருப்பாக இருக்கும் எல்லா மணிகளும் ஒட்டிவிடாது. இல்மனைட் போன்ற தாதுக்களை இழுக்க வீட்டுக் காந்தத்தின் வலு போதாது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி ஆலையில் கடற்கரை மணலிலிருந்து அதைப் பிரிக்க வலுவான காந்த இயந்திரங்கள் உண்டு. ஈரமான மணலில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் தண்ணீர் ஊற்றும் முன்பே காந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

இனி உப்பு. அது தண்ணீரில் கரையும், மணல் கரையாது. இந்த ஒரு வேறுபாடுதான் நமக்குப் பிடி. சாதாரண வெப்பத்தில் 100 மில்லி தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பைக் கரைத்துக்கொள்ளும். நம் உப்பு ஏறக்குறைய 15 கிராம்தான் என்பதால் 100 மில்லி தாராளம். சுடுதண்ணீர் ஊற்றினால் உப்பு சீக்கிரம் கரையும், ஆனால் கரையும் அளவு பெரிதாகக் கூடாது. நன்றாகக் கலக்கிவிட்டுச் சில நிமிடம் அப்படியே வையுங்கள்.

மணல் அடியில் தங்கியதும், வெள்ளை வேட்டித் துணியை நான்காக மடித்து ஒரு பாத்திரத்தின் மேல் கட்டி, மேலே தெளிந்த நீரை முதலில் ஊற்றுங்கள். மணலைக் கடைசியில் சாய்க்க வேண்டும். முதலிலேயே சாய்த்தால் துணியின் இழைகள் அடைபட்டு, சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். வடிந்த நீர் தெளிவாக இருக்கிறதே, உப்பு எங்கே போனது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கரைந்த உப்பு, துணியின் எந்தத் துளையிலும் புகுந்துவிடும் அளவுக்கு நுண்மையாகிவிட்டது. வடிகட்டுதலின் எல்லை இங்கே முடிகிறது.

துணியில் நிற்கும் மணலிலும் உப்பு நீர் ஒட்டியிருக்கும். அதன்மேல் இரண்டு கரண்டித் தண்ணீர் ஊற்றி, வடிவதையும் முதல் நீரோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பு முழுவதும் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கடைசியாக வடியும் ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டுக் காயவிடுங்கள். வெள்ளைத் திட்டு தெளிவாகப் படிந்தால் இன்னும் ஒரு முறை கழுவ வேண்டும்.

சேர்த்து வைத்த நீரைப் பெரியவர்கள் யாராவது அடுப்பில் வைத்து, கால் பங்காக வற்றியதும் இறக்கிவிட வேண்டும். முழுக்க வற்றும்வரை விட்டால் உப்பு படபடவென்று வெடித்துத் தெறிக்கும். மிச்சத்தை அகலமான தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் சிறு சிறு சதுரப் படிகங்கள் தெரியும். மெல்லக் காயும் நீரில் படிகம் பெரிதாகும், வேகமாக வற்றினால் தூளாகத்தான் கிடைக்கும். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களிலும் நீரை முழுக்கக் காயவிடுவதில்லை. உப்பு விளைந்த பிறகு கசப்பான மக்னீசிய உப்புகள் நிறைந்த நீர் மிஞ்சும். அதை வடித்துவிட்டுத்தான் உப்பை வாருவார்கள். அதுவும் சேர்ந்து காய்ந்தால் உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும்.

காய்ந்த உப்பை நிறுத்துப் பாருங்கள். போட்டதைவிடச் சற்றுக் குறைந்தால் மீதி துணியிலும் பாத்திரத்திலும் தங்கியிருக்கிறது. கூடியிருந்தால் உப்பு இன்னும் ஈரமாக இருக்கிறது என்று பொருள், மறுபடியும் காய வையுங்கள். இந்த உப்பைச் சமையலில் சேர்க்காதீர்கள். மணலில் இருந்த வேறு பொருட்களும் தண்ணீரில் கரைந்து இதோடு வந்திருக்கலாம்.

உப்புக்குப் பதில் சர்க்கரையை வைத்துச் செய்தால் வடிகட்டும் வரை எல்லாம் இதேபோல் நடக்கும், அடுப்பில்தான் கதை மாறும். தண்ணீர் வற்றியதும் சர்க்கரை பாகாகி, பழுப்பேறி, கருகிப்போகும். எந்தக் கலவையாக இருந்தாலும், அதில் உள்ள பொருட்கள் காந்தம், தண்ணீர், சூடு ஆகிய மூன்றுக்கும் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்த பிறகே வழியைத் தேர்ந்தெடுங்கள்.